வியூஸ் 12,000, பார்த்தவர்கள் 3,000: யூடியூப் கணக்கில் இந்த இடைவெளி ஏன்?

யூடியூபில் 'வியூஸ்' என்பது வீடியோ எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற கணக்கு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு கணக்கு. அதற்கு யூடியூப் ஸ்டுடியோவின் Analytics பகுதியில் உள்ள Unique viewers எண்ணைப் பார்க்க வேண்டும்.

காலையில் போனிலும் இரவில் டிவியிலும் ஒருவர் உங்கள் வீடியோவைப் பார்த்தால் வியூஸ் 2, ஆனால் ஆள் ஒருவர்தான். ஒரே டிவியை வீட்டில் பலர் பயன்படுத்துவதையும் யூடியூப் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் இது ஒரு மதிப்பீடுதான், துல்லியமான தலைக்கணக்கு இல்லை.

வியூஸ் ஒன்று, கதை வேறு

உதாரணத்துக்கு, எக்செல் கற்றுத்தரும் ஒரு சின்ன சேனல். 28 நாட்களில் 12,000 வியூஸ், 3,000 பேர். அதாவது ஒருவருக்கு சராசரியாக 4 வியூஸ். அடுத்த 28 நாட்களிலும் அதே 12,000 வியூஸ், ஆனால் 9,000 பேர். சராசரி 1.3தான்.

வியூஸை மட்டும் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. உண்மையில், முதல் மாதத்தில் ஒரு சின்ன வட்டம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வெளியே புதியவர்களிடம் சேனல் போகவில்லை. தலைப்பு, தம்ப்நெயில், தேடப்படும் டாபிக் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. இரண்டாவது மாதம் புதியவர்கள் நிறைய வந்தார்கள், ஆனால் பெரும்பாலோர் ஒரு வீடியோவோடு போய்விட்டார்கள். அங்கே தேவை, அடுத்த பாடத்துக்கு அழைத்துப்போகும் பிளேலிஸ்ட்டும் எண்ட் ஸ்கிரீனும்.

அந்த 4 எப்படி வந்தது என்றும் பார்க்கணும். ஒவ்வொரு வீடியோவிலும் சராசரி 1-ஐ ஒட்டி இருந்தால், ஒரே ஆட்கள் பல வீடியோக்களைப் பார்க்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு வீடியோவில் மட்டும் அதிகம் என்றால், அந்தப் பாடத்துக்கே திரும்ப வருகிறார்கள்.

இரண்டு இடங்களில் கவனம்

தினசரி எண்களைக் கூட்டாதீர்கள். திங்களன்று 500 பேர், செவ்வாயன்று 500 பேர் பார்த்து, அதில் 200 பேர் இரண்டு நாளும் வந்திருந்தால், மொத்தம் 800 பேர்தான். ஒரு வாரக் கணக்கு வேண்டுமென்றால், தேதி வரம்பையே ஒரு வாரமாக மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது ஷார்ட்ஸ். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ அது ஒரு வியூ. குறைந்தபட்ச நேரம் எதுவும் கிடையாது. அதனால் அங்கே இடைவெளி பெரிதாக இருந்தால், அதை ரசிகர் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். Engaged views எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

விளம்பரம் தர வருபவர் 'எத்தனை பேர் பார்க்கிறாங்க?' என்று கேட்டால் 12,000 என்பது தவறான பதில். '28 நாட்களில் சுமார் 3,000 பேர், ஒருவருக்கு சராசரியாக 4 வியூஸ்' என்பதே சரி. ஆன்லைன் கோர்ஸ் விற்பவருக்கு இந்த 3,000 பேர் பொருத்தமாக இருக்கலாம். பலருக்கும் தன் பெயர் தெரிய வேண்டும் என நினைக்கும் புதிய ஆப்புக்கு, அந்த 9,000 பேர்தான் தேவை.