எட்டு அடிக் கம்பமும் நாலரை அடிப் பையனும்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் நான்தான் கோல் கீப்பர். இரண்டு செருப்பைக் கழற்றிப் போட்டால் அதுதான் கோல். ஆளுக்கு மூன்று பேரோ நான்கு பேரோ நின்று, இருட்டும் வரை ஆடுவோம். என்னைத் தாண்டிப் பந்து போவது கடினம் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தப் பெயரை நம்பித்தான் பள்ளி அணியில் என்னைச் சேர்த்தார்கள். பெரியவர்கள் ஆடும் முழு மைதானம், முழு கோல் போஸ்ட். அன்று ஆறு கோல் வாங்கினேன். அதில் நான்கு என் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் போனவை. "குதிக்கத் தெரியாதவன் எதுக்குடா கீப்பரா வந்தே?" என்று டிரில் மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். அதன் பிறகு நான் கால்பந்தைத் தொடவில்லை. எனக்கு அந்த விளையாட்டு வராது என்றே ஐம்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2015இல் இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்து வயதுப் பேரனின் ஆட்டத்தைப் பார்க்க அழைத்துப் போனான். மைதானம் சின்னது, கோலும் சின்னது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர்தான். ஆள் போதவில்லையா என்று மகனிடம் கேட்டேன். "இல்லப்பா, இந்த வயசுக்கு இதுதான் சட்டம்" என்றான். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தன் முதல் விதிகளை எழுதியது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே எட்டு கஜம், அதாவது 24 அடி என்று அதில் குறித்தார்கள். மேலே கம்பம் ஏதும் அப்போது கிடையாது. 1866இல்தான் எட்டு அடி உயரத்தில் ஒரு நாடா கட்ட வேண்டும் என்று விதி வந்தது. பின்னால் நாடா போய்க் குறுக்குக் கம்பம் வந்தது. அன்று வளர்ந்த ஆண்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட 24க்கு 8 என்ற அந்த அளவே இன்றும் பெரியவர்களுக்கு இருக்கிறது. சிறுவர்கள் ஆட வந்தபோது தனி அளவு வேண்டும் என்று நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. இருக்கிற மைதானத்தில் அவர்களையும் இறக்கிவிட்டார்கள்.

1990களின் இறுதியில்தான் இங்கிலாந்தில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 'மினி சாக்கர்' என்ற சிறிய ஆட்டம் வந்தது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. பத்து வயதுப் பிரிவில் ஏழு பேராக ஆடிய பையன், அடுத்த ஆண்டே பதினொரு பேர் ஆட்டத்துக்கு, முழு அளவு கோலுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரே கோடை விடுமுறையில் அவன் எவ்வளவு வளர்ந்துவிடுவான்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வயதுப் பையன் சுமார் நாலரை அடி இருப்பான். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஒருவர் அதே சங்கடத்தை உணர வேண்டுமானால், கோலின் உயரம் பத்து அடிக்கும் மேலே, அகலம் முப்பது அடிக்கும் மேலே இருக்க வேண்டும். 110 கஜ மைதானம் 140 கஜமாக நீள வேண்டும். அப்படியொரு மைதானத்தில் எந்தப் பெரியவராவது நின்று ஆடுவாரா?

கீப்பருக்கு மட்டும் இது பிரச்சினை இல்லை. 110க்கு 70 கஜ மைதானத்தில் 22 பேர் நின்றால் ஆளுக்கு 350 சதுர கஜம் வரும். அவ்வளவு இடத்தில் சின்னப் பையன்கள் பந்தைப் பிடித்து, அக்கம்பக்கம் பார்த்துத் தட்டிக் கொடுத்து ஆட முடியாது. பந்தை ஓங்கி உதைத்துவிட்டு, யார் வேகமாக ஓடுகிறானோ அவன் போய் எடுக்க வேண்டியதுதான். ஆக, சீக்கிரம் வளர்ந்த, காலில் பலமுள்ள பையன்தான் அங்கே நல்ல ஆட்டக்காரனாகத் தெரிவான். அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து கணக்கு. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள், வயதிலோ கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். பயிற்சியாளர் வளர்ந்தவனைத் தேர்ந்தெடுப்பார். சின்னவன் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நாளில் வராமலே போய்விடுவான்.

சின்ன ஆட்டத்தில் என்ன மாறுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சிக் கூடத்தில், ஒன்பது வயதுக்குட்பட்ட சிறுவர்களை எட்டு பேர் அணியாகவும் நான்கு பேர் அணியாகவும் ஆட வைத்து, மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்தார்கள். நான்கு பேர் ஆட்டத்தில் பந்தைக் கொடுத்து வாங்குவது இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. ஒருவனை ஒருவன் நேருக்கு நேர் எதிர்கொள்வது மூன்று மடங்குக்கும் மேலானது. பந்து அடிக்கடி காலுக்கு வருகிறது, அடிக்கடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ரகசியம் அவ்வளவுதான்.

கால்பந்துச் சங்கத்தின் நிக் லெவெட் என்பவர் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு நாடெங்கும் ஊர் ஊராகப் போய் லீக் நடத்துபவர்களிடமும் பெற்றோர்களிடமும் பேசினார். எதிர்ப்பு இருந்தது. புதிய கோல்களுக்குப் பணம் யார் தருவது, பழைய மைதானத்தில் எத்தனை கோடு போடுவது என்று கேட்டார்கள். புள்ளிப் பட்டியல் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வேகமே வராது என்றார்கள். 2012 மே 28 அன்று வெம்ப்ளியில் நடந்த கூட்டத்தில் வாக்கெடுப்பு வைத்து மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தடுத்த பருவங்களில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

அதன்படி அப்போது 7, 8 வயதுப் பிரிவுகளுக்கு ஐந்து பேர் ஆட்டம், 9, 10க்கு ஏழு பேர், 11, 12க்கு ஒன்பது பேர் என்று வைத்தார்கள். பதின்மூன்றில்தான் பதினொரு பேர். சின்னவர்களின் கோல் 12க்கு 6 அடி. ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 16க்கு 7 அடி. ஐந்து பேர் ஆடும் இடம் 40க்கு 30 கஜம், அதாவது ஆளுக்கு 120 சதுர கஜம். ஆண்டு முழுவதும் நீளும் பட்டியலுக்குப் பதிலாகச் சின்னவர்களுக்குக் குறுகிய கால, சிறு போட்டிகள்.

பத்து வயது வரை இன்னொரு விதியும் அப்போது இருந்தது. கீப்பர் கோல் கிக் எடுக்கும்போது எதிரணியினர் தங்கள் பாதிக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் கீப்பர் பயந்துபோய்ப் பந்தைத் தூர உதைக்காமல், பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிக் கொடுப்பான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. நீளமாகப் பந்து கொடுப்பதையும், தொலைவில் காலியாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதையும் ஐந்து பேர் ஆட்டம் கற்றுத்தராது. அதனால்தான் ஒரேயடியாக நிறுத்திவிடாமல் படிப்படியாகப் பெரிதாக்குகிறார்கள்.

அன்றைய ஆட்டம் முடிந்ததும் பேரனை அந்த ஏழு அடிக் கோலுக்குக் கீழே நிற்கச் சொன்னேன். கையைத் தூக்கிக் குதித்தான், விரல் நுனி கம்பத்துக்குக் கொஞ்சம் கீழே வரை போனது. அதே உயரத்தில் நான் நின்றபோது என் கம்பம் இன்னும் ஒரு அடி மேலே இருந்தது. பக்கவாட்டில் எட்டு அடி கூடுதல்.

எனக்குக் குதிக்கத் தெரியாமல் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் இதை டிரில் மாஸ்டரிடம் சொல்லியிருப்பேன். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பாவம், அவரும் அதே கம்பத்துக்கு அடியில் வளர்ந்தவர்தானே. ஆனால் எங்கள் தெருவில் செருப்பைக் கழற்றிப் போட்ட பையன்கள், எந்தச் சட்டமும் படிக்காமல், தங்கள் உயரத்துக்குத் தகுந்த அளவைத்தான் வைத்திருந்தார்கள்.