"ரிப்போர்ட்ல எழுதாதீங்க டாக்டர்"

 

போன மாசம் எங்க மருத்துவமனை கர்ப்பிணிகள் ஓபில ஒரு பொண்ணு. பத்தாவது வாரம். ஹீமோகுளோபின் 10.1. இந்த அளவுக்கு வழக்கமா இரும்புச்சத்து மாத்திரையை எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். ஆனா ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இன்னொரு எண் உறுத்துச்சு. எம்சிவி 64. அதாவது சிவப்பணு ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னதா இருக்கு. 80க்கு மேல இருக்கணும். அதே சமயம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 54 லட்சம். இரும்புச்சத்துக் குறைபாட்டில் அணுக்கள் சின்னதாகும், ஆனா எண்ணிக்கையும் பொதுவா குறையும். அணு சின்னது, எண்ணிக்கை நிறையன்னா தலசீமியா கேரியரான்னு சந்தேகப்படணும்.

"வீட்ல யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏத்துறாங்களாம்மா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அண்ணன் பையனுக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை"ன்னாங்க.

ஹெச்பிஎல்சி பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹெச்பி ஏ2 என்ற வகை 5.4 சதவீதம். 3.5க்குள்ள இருக்கணும். பீட்டா தலசீமியா கேரியர். அவங்க உடம்புக்கு இதால ஒண்ணும் ஆகாது, ஆயுசுக்கும் குறைவில்லை. கணவருக்கும் இதே இருந்தா மட்டும்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அண்ணன் பையன் மாதிரி ஒரு குழந்தைக்கு. அதனால கணவரையும் டெஸ்ட் பண்ணணும்னு சொன்னேன்.

அதுக்கு அவங்க சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "ரிப்போர்ட்ல எழுதாதீங்க டாக்டர். அத்தை வெளிய உட்கார்ந்திருக்காங்க. தங்கச்சிக்கு வேற வரன் பார்த்துட்டு இருக்கோம்."

இந்த வார்த்தைகளைக் கேட்டதும் எனக்கு ஒரு கிரேக்க ஊர் ஞாபகம் வந்துச்சு. ஆர்கோமெனோஸ். ஏதென்ஸுக்கு வடமேற்கே இருக்கு. பக்கத்தில் கோப்பாயிஸ்னு ஒரு பெரிய சதுப்பு ஏரி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வடிய வெச்சாங்க. சதுப்புன்னா கொசு, கொசுன்னா மலேரியா. அரிவாள் அணு நோயின் கேரியர்களுக்கு மலேரியாவால் சாவது குறைவு. அதனால தலைமுறை தலைமுறையா அந்த மரபணு அங்கே தங்கிடுச்சு. அந்த ஊரில் கிட்டத்தட்ட 23 சதவீதம் பேர் கேரியர். கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு கல்யாணத்தில் சுமார் அஞ்சில் ரெண்டு பேருமே கேரியர். அவங்க குழந்தைகளில் நாலில் ஒண்ணுக்கு நோய். ஆக, நூறு குழந்தைக்கு ஒண்ணு அரிவாள் அணு நோயோடு பிறக்கும்.

1960களில் ஸ்டமடோயானோபௌலோஸ் என்ற மரபணு மருத்துவரின் குழு அங்கே போச்சு. ஊரையே டெஸ்ட் பண்ணாங்க. ஒவ்வொருத்தருக்கும் அவங்க முடிவைச் சொன்னாங்க, விளக்கினாங்க. அங்கேயும் அப்போ பெரியவங்க பேசி முடிக்கிற கல்யாணம்தான். ஜாதகம் பார்க்கிற மாதிரி ரத்தமும் பார்த்துட்டா முடிஞ்சது, கேரியரும் கேரியரும் சேர மாட்டாங்கன்னு திட்டம். காகிதத்தில் அருமையான திட்டம்.

ஏழு வருஷம் கழிச்சுத் திரும்பிப் போய்ப் பார்த்தாங்க. அந்தக் காலத்தில் நடந்த கல்யாணங்களில் கேரியரும் கேரியரும் சேர்ந்தவை எத்தனை? யாருக்கும் ஒண்ணுமே சொல்லாம விட்டிருந்தா தற்செயலா எத்தனை நடந்திருக்குமோ, அதே அளவு. திட்டத்தால கல்யாணங்களில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனா ஊருக்குள்ள ஒண்ணு புதுசா முளைச்சிருந்தது: கேரியர்னா ஒரு மாதிரியான குடும்பம் என்ற பேச்சு. பல வீடுகளில் பெண் பார்க்க வந்தவங்ககிட்ட விஷயத்தை மறைச்சாங்க. 1974இல் அந்த மருத்துவரே இதை வெளிப்படையா எழுதினார். தன் திட்டம் தோத்ததைத் தானே எழுதுறவர் எங்க துறையில் அபூர்வம்.

ஏன் தோத்துச்சு? என் புரிதல் இது. கேரியர் தவிர்க்க வேண்டியது இன்னொரு கேரியரை மட்டும்தான். ஊரில் மிச்சம் 77 சதவீதம் பேர் இருக்காங்க, அவங்களில் யாரைக் கட்டினாலும் அந்த நோயோடு குழந்தை பிறக்காது. ஆனா ஊர் அப்படி எடுத்துக்கலை. கேரியர் இல்லாதவங்களும் கேரியரை வேணாம்னாங்க. அப்புறம் கேரியருக்கு ரெண்டே வழி. உண்மையைச் சொல்லி வரனை இழக்கணும், இல்லைன்னா வாயை மூடிக்கணும். ரெண்டு பக்கமும் வாயை மூடினா கேரியரும் கேரியரும் தெரியாமலே சேருவாங்க.

அமெரிக்காவில் இதைவிட மோசம். 1968இல் லைனஸ் பாலிங், ரெண்டு நோபல் பரிசு வாங்கினவர், அரிவாள் அணு நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபினின் வேறுபாடுன்னு கண்டுபிடிச்சவர், ஒரு யோசனை சொன்னார். கேரியர்களின் நெற்றியில் பச்சை குத்தலாம், பார்த்தவுடனே தெரிஞ்சு ஒருத்தரை ஒருத்தர் காதலிக்காம இருப்பாங்களாம். பச்சை குத்தலை. ஆனா 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களுக்குக் கட்டாய டெஸ்ட் சட்டம் போட்டன. சில இடத்தில் கல்யாணப் பதிவுக்கு முன்னாடி, சில இடத்தில் பள்ளியில் சேரும் குழந்தைக்கு. பள்ளியில் சேரும் குழந்தைக்கு எதுக்கு? அதுவும் அப்போ பரவலா இருந்த கரைதிறன் டெஸ்ட்டால கேரியரையும் நோயாளியையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் 'பாசிட்டிவ்'. ஆரோக்கியமா இருந்தவங்களுக்கு வேலையிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல். 1981 வரை அந்நாட்டு விமானப்படை அகாடமியில் கேரியர்களைச் சேர்க்கவே இல்லை.

அந்த டெஸ்ட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. கணவனுக்கு அரிவாள் அணு கேரியர், மனைவிக்குத் தலசீமியா கேரியர்னு வெச்சுக்குங்க. மனைவிக்கு அந்த டெஸ்ட் 'நெகட்டிவ்'னு வரும். 'ஒண்ணும் இல்லைம்மா'ன்னு அனுப்பிடுவாங்க. ஆனா ரெண்டு மரபணுவும் ஒரே குழந்தைக்குப் போனா அதுவும் அரிவாள் அணு நோய்தான். அதனாலதான் ரெண்டு பேருக்கும் ஹெச்பிஎல்சி கேட்கிறோம்.

சரி, எங்கேயாவது இது ஒழுங்கா நடந்துச்சா? நடந்துச்சு. சைப்ரஸ். ஆர்கோமெனோஸ் மாதிரியே கிரேக்கம் பேசுற, மலேரியா ஆட்டிவைச்ச தீவு. அங்கே ஏழில் ஒருத்தர் தலசீமியா கேரியர். குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்தணும், சேர்ற இரும்பை வெளியேத்த டெஸ்ஃபெரால் மருந்தைப் பம்ப் வெச்சு ராத்திரி பூரா தோலுக்கடியில் செலுத்தணும். இப்படியே போனா ரத்தமும் பணமும் பத்தாதுன்னு அரசு 1970களில் பயந்துச்சு.

முதல்ல அவங்களும் கேரியர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்க வேண்டாம்னுதான் சொல்லிப் பார்த்தாங்க. நிச்சயம் ஆன ஜோடிகள் பிரியலை. யார் பிரிவாங்க? நிலைமை மாறினது 1970களின் கடைசியில், கருவில் இருக்கும்போதே குழந்தையைப் பரிசோதிக்க வழி வந்தப்போ. ஆரம்பத்தில் அந்தத் தம்பதிகள் லண்டனுக்கு விமானம் ஏறிப் போனாங்க. பிறகு தீவிலேயே வசதி வந்துச்சு.

1983இல் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபை, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சான்றிதழ் வேணும்னு விதி கொண்டு வந்துச்சு. கருக்கலைப்பை ஏத்துக்காத சபைதான். ஆனா அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? இந்த ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கிட்டாங்க, ஆலோசனை பெற்றாங்க. அவ்வளவுதான். முடிவு இருக்காது. பாதிரியாருக்கும் தெரியாது, சம்பந்தி வீட்டுக்கும் தெரியாது. ரெண்டு பேருமே கேரியரா இருந்தாலும் கல்யாணத்துக்குத் தடை இல்லை, பெரும்பாலான ஜோடிகள் கட்டிக்கிட்டாங்க. எல்லாரும் எடுக்கிற டெஸ்ட், அதனால எடுத்தவங்களைத் தனியா யாரும் பார்க்கலை. 1980களின் கடைசியில் தலசீமியாவோடு புதுசாப் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லைங்கிற நிலை.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. இந்தியாவில் அரிவாள் அணு கேரியர்களை முதன்முதலா அடையாளம் காட்டின ஆய்வுகளில் ஒண்ணு நம்ம நீலகிரியில் நடந்தது. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ரெண்டு பேரும் இருளர், பணியர், குறும்பர் மக்களிடம் அதைக் கண்டாங்க. 2023 ஜூலையில் மத்திய அரசு அரிவாள் அணு ஒழிப்புத் திட்டம் தொடங்கி, 40 வயது வரை ஏழு கோடி பேருக்கு டெஸ்ட் பண்ணி அட்டை கொடுக்கிறதா அறிவிச்சிருக்கு. சாப்பாட்டு நேரத்தில் சக மருத்துவர்களோடு இதைப் பத்தி விவாதம் வரும். அட்டையைக் கல்யாணப் பேச்சுல நீட்டச் சொல்றது நல்லதுன்னு சிலர். எனக்கு ஆர்கோமெனோஸ்தான் கண்ணுக்கு முன்னாடி நிக்குது.

அந்தப் பொண்ணுகிட்ட திரும்ப வரேன். அவங்க கணவர் சொந்த அத்தை மகன். அப்பாவோட தங்கச்சி பையன். வெளிய உட்கார்ந்திருந்த மாமியார்தான் அந்த அத்தை. இப்போ கணக்கைப் பாருங்க. இவங்களுக்கு மரபணு அப்பா வழியா வந்திருக்க ரெண்டில் ஒரு வாய்ப்பு. அப்பா கேரியரா இருந்திருந்தா அவர் தங்கச்சியும் கேரியரா இருக்க ரெண்டில் ஒண்ணு. அங்கிருந்து மகனுக்கு வர ரெண்டில் ஒண்ணு. ஆக, கணவர் கேரியரா இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அப்பா உயிரோட இருந்தா அவர் ரத்தத்தைப் பார்த்து இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கலாம், அவர் இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு.

யார்கிட்ட மறைக்கணும்னு அவங்க பயந்தாங்களோ, அவங்களுக்கே இது இருக்கலாம்னு விளக்கினேன். முகத்தில் முதல் தடவையா ஒரு சின்னச் சிரிப்பு.

ரிப்போர்ட்டில் எழுதாம இருக்க முடியாதுன்னும் சொன்னேன். பிரசவத்தில் வேற மருத்துவர் பார்க்கலாம், தலசீமியா கேரியர்னு தெரியாம ரத்தத்தை ஏத்த வேணாமேன்னு வீணா ஊசி ஊசியா இரும்பு போடுவாங்க. ஆனா அத்தைகிட்ட நான் சொல்ல மாட்டேன், அது உங்க விஷயம்னேன். கணவரை மறுநாளே வரச் சொன்னோம், ஏன்னா நாள் போகுது. ரெண்டு பேருக்கும் இருந்தா, ரெண்டு பேரோட மரபணு மாற்றத்தையும் முதல்ல கண்டுபிடிக்கணும். அப்புறம் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துக் குழந்தையைப் பார்க்கலாம், தவறினா 16 வாரம் வாக்கில் பனிக்குட நீர். முடிவு வர நாள் ஆகும். அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு முடிவெடுக்க வேண்டியது அவங்க ரெண்டு பேர், நாங்க இல்லை.

கணவருக்கு எம்சிவி 86, ஹெச்பி ஏ2 2.7. கேரியர் இல்லை. இரும்புச்சத்துக் குறைஞ்சிருந்தா ஏ2 பொய்யாக் குறைவா வரலாம், அதனால ஃபெரிட்டினும் பார்த்தோம், சரியா இருந்துச்சு. குழந்தைக்குத் தலசீமியா நோய் வராது. அதிகபட்சம் அம்மா மாதிரி கேரியரா இருக்கும்.

தங்கச்சிக்கும் கேரியரா இருக்க ரெண்டில் ஒரு வாய்ப்பு இருக்கு, நிச்சயத்துக்கு முன்னாடி தனியா வந்து ஒரு தடவை ரத்தம் கொடுத்துட்டுப் போகட்டும், சீட்டு அவங்க கையிலதான் இருக்கும்னு சொல்லி அனுப்பியிருக்கேன். "கேட்டுப் பார்க்கிறேன் டாக்டர்"னு சொல்லிட்டுப் போனாங்க. இந்த வாரம் ஓபிக்கு வந்தப்போ விசாரிச்சேன். தை மாசம் கல்யாணமாம். தங்கச்சி இன்னும் வரலை.