இசைப்பாடலில் அசை நீட்சியும் குறுக்கமும்

அசை நீட்சியும் குறுக்கமும் என்பது, பேச்சில் ஓர் அளவு கொண்ட ஒலி, மெட்டில் அமையும்போது தன் அளவினும் கூடியோ குறைந்தோ ஒலிப்பதாகும். தாளத்தின் கூறுகள் சம அளவுடையவை. சொற்களின் ஒலியளவோ சமமற்றது. இவ்விரண்டையும் பொருத்தும்போது இம்மாற்றம் நிகழ்கிறது. எவ்வொலியை நீட்டலாம், எதைக் குறுக்கலாம் என்பதைப் பொருள் கெடாமையே தீர்மானிக்கிறது. இக்கட்டுரையில் அசை என்பது ஓர் உயிரொலியை உடைய ஒலித்துண்டைக் குறிக்கும். யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசைகளை அன்று.

## இயல்பான அளவு

தமிழ் இலக்கணப்படி குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை. எனவே "வந்" என்னும் ஒலி ஒன்றரை மாத்திரை பெறும். ஆனால் சந்தக் கணக்கில் குறிலும் ஒற்றும் சேர்ந்த அசை பெரும்பாலும் நெடிலுக்கு நிகராக 2 எனக் கொள்ளப்படுகிறது. இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிப்பதைத் தொல்காப்பியம் நூன்மரபின் இறுதியில் குறிப்பிடுகிறது.

## ஓர் எடுத்துக்காட்டு

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 எண்ணிக்கைகள் உள்ளன. சதுசிர நடையில் ஒவ்வோர் எண்ணிக்கையும் 4 கூறுகளாகும். "காலை வந்தது கதிர் சிரித்தது" என்ற தொடரை முதல் 4 எண்ணிக்கைகளில், அதாவது 16 கூறுகளில், கீழ்க்காணுமாறு அமைக்கலாம்.

| எண்ணிக்கை | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| ஒலி | கா-லை | வந்-த-து | க-திர்-சி | ரித்-த-து |
| கூறு | 2+2 | 2+1+1 | 1+2+1 | 2+1+1 |

இங்கே சிறு நீட்சி ஏற்கனவே உள்ளது. பேச்சில் சொல்லிறுதி ஐகாரம் குறைந்து ஒலிக்கும் (ஐகாரக்குறுக்கம்). மெட்டு "லை"க்கு முழுமையாக 2 கூறுகள் தருகிறது. மேலும் நான்காம் தட்டு "சிரித்தது" என்னும் சொல்லின் இடையில் விழுகிறது. பாடகர் அத்தட்டுக்கு முன் மூச்சு விட்டால் "கதிர்சி" என ஒரு சொல் இருப்பதுபோல் கேட்கும். எனவே இவ்விடத்தை இடைவெளியின்றிப் பாடுதல் வேண்டும்.

### கூறு மிஞ்சும்போது

தொடரைக் "காலை வரக் கதிர் சிரித்தது" என மாற்றினால் முதல் இரு எண்ணிக்கைகளில் 7 கூறுகளே நிரம்பும். எஞ்சிய ஒன்றை ஈடுசெய்ய "ரக்" என்பதை நீட்டினால் "வராக் கதிர்" என ஒலிக்கும். காலை வந்ததும் சிரித்த கதிர், காலையில் வராத கதிராகிவிடும். மாறாக, ஏற்கனவே நெடிலாக உள்ள "கா"வுக்கு 4 கூறுகள் தந்து, "லை"யை அதன் இயல்பான குறுக்கத்தில் 1 கூறாக விட்டால் (4+1+1+2) எட்டும் நிரம்பும், பொருளும் மாறாது.

### கூறு போதாதபோது

"காலையில் வந்தது" எனில் முதற்சொல்லே 4 கூறுகளைக் கடக்கிறது. "கா"வைக் குறுக்கினால் "கலையில்" என்று கேட்கும். "லை"யையும் "யில்"லையும் ஒவ்வொரு கூறாகக் குறுக்கினால் (2+1+1) சொல் தெளிவாகவே இருக்கும். குறில், நெடில் வேறுபாடு பொருளைத் தாங்கும் இடத்தைக் காத்து, பிற இடங்களில் விட்டுக்கொடுப்பதே இதன் அடிப்படை.

## மெய்யொலிகளின் பங்கு

எல்லா மெய்களையும் நீட்ட இயலாது. ஒற்றளபெடைக்கு உரியவையாக நன்னூல் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய மெய்களையும் ஆய்தத்தையும் கூறுகிறது. வல்லின மெய்கள் இப்பட்டியலில் இல்லை. வல்லினத்தில் காற்று முற்றிலும் அடைபடுவதே இதற்குக் காரணம் எனலாம்.

மேற்கண்ட தொடரையே இருமடங்கு மெதுவாக 8 எண்ணிக்கைகளில் பாடினால் இவ்வேறுபாடு புலப்படும். "வந்" என்பதில் ந் ஒலியிலேயே நிற்கலாம். "ரித்" என்பதில் உயிரை நீட்டினால் "சிரீத்தது" எனக் கெடும். ஆகவே உயிரைக் குறுகவிட்டு, த் ஒலியின் அடைப்பில் சிறிது மௌனமாக நிற்க வேண்டும்.

இதனாலேயே வண்ணப்பாடல்களில் "தத்த" என்னும் சந்தமும் "தந்த" என்னும் சந்தமும் அளவில் ஒத்திருப்பினும் வெவ்வேறாகக் கொள்ளப்படுகின்றன. முன்னதில் வல்லின ஒற்றும் பின்னதில் மெல்லின ஒற்றும் வரவேண்டும். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ் இவ்வகைக்குப் பெயர்பெற்றது.

## மெட்டுக்கு எழுதுதல்

திரைப்பாடல்களில் மெட்டு முதலில் அமையும்போது, இசையமைப்பாளர் அதைத் தத்தகாரமாகப் பாடிக்காட்டுவதுண்டு. "தானா" என்ற இடத்தில் நெடிலும், "தன" என்ற இடத்தில் குறிலும் அமைந்தால் பாடகர் நீட்டவோ குறுக்கவோ வேண்டுவதில்லை. தத்தகாரம் அளவை மட்டுமே காட்டும். சொல் எங்கே பிரியவேண்டும் என்பதைக் காட்டாது. ஆகவே எழுதிய வரியைத் தாளமிட்டுப் பாடி, தட்டு விழும் இடங்களில் சொல் உடைகிறதா என்று சரிபார்ப்பது இன்றியமையாதது.

## இவற்றையும் பார்க்க

* அளபெடை
* சந்தம்
* மாத்திரை
* ஆதி தாளம்