டெலிட் ஆன கூலிக் கணக்கு... ஞாபகத்தில் இருக்கும் ஒரே ஒரு வார்த்தையை வைத்து மீட்பது எப்படி?

பெருமாநல்லூரில் பனியன் தைக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சம்பளம். யார் எத்தனை பீஸ், எவ்வளவு அட்வான்ஸ் என்ற கணக்கெல்லாம் பென் டிரைவில் ஒரே நோட்பேட் ஃபைலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அது டெலிட் ஆகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் பென் டிரைவைக் கழற்றுங்கள். டெலிட் செய்தால் ஃபைலின் பெயரும், அது இருக்கும் இடத்தின் குறிப்பும்தான் அழியும். எழுத்துகள் அங்கேயேதான் கிடக்கும், புதிதாக வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை.

போட்டோவை மீட்கும் சாஃப்ட்வேர்கள் இதில் தடுமாறும். JPEG ஃபைலின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கும். வெறும் டெக்ஸ்டுக்கு அது கிடையாது. அதனால் நமக்கு ஞாபகம் இருக்கும் வார்த்தைதான் அடையாளம்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, அதன் பெயரை `lsblk` மூலம் பாருங்கள். `sdb1` என்று வந்தால், முதலில் முழு நகல் எடுத்து, அதில் தேட வேண்டும்:

```
sudo dd if=/dev/sdb1 of=pen.img bs=4M
LC_ALL=C grep -abo 'பேட்லாக்' pen.img
```

`if`, `of` இரண்டையும் மாற்றிப் போட்டால் உள்ளதும் போச்சு, கவனம்! நகல் கம்ப்யூட்டரில்தான் சேமிக்கப்பட வேண்டும், அதே பென் டிரைவில் அல்ல.

வார்த்தை கிடைத்தால் இப்படி வரும்:

```
524292136:பேட்லாக்
```

அந்த எண், வார்த்தை இருக்கும் பைட். அதை 4096-ஆல் வகுத்தால் 128001. ஒரு கட்டம் முன்னால் இருந்து மூன்று கட்டங்களை எடுக்கலாம்:

```
dd if=pen.img of=kanakku.txt bs=4096 skip=128000 count=3
```

கணக்கு நடுவில் அறுந்து சம்பந்தமில்லாத குப்பை வந்தால், மீதி வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியில் வரும் இன்னொரு வார்த்தையைத் தேடுங்கள். ஒரே கணக்கு இரண்டு மூன்று இடத்தில் கிடைப்பதும் உண்டு. அவை முந்தைய சேமிப்புகளாக இருக்கலாம். கடைசித் தேதி எதில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் சிக்காது. 'ஓவர்லாக்', 'பேட்லாக்' போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பாமினி ஃபான்ட்டில் அடித்திருந்தால், அந்த வார்த்தைக்கு அழுத்திய ஆங்கிலக் கீகளையே தேட வேண்டும். நோட்பேடில் UTF-16 ஆகச் சேமித்திருந்தால் மேலே உள்ள கட்டளைக்கு அகப்படாது.

வேர்டு ஃபைலுக்கும் இந்த வழி உதவாது. `docx` உள்ளே சுருக்கி வைக்கப்படுவதால் வார்த்தை அப்படியே இருக்காது. லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி.யில் டெலிட் ஆன இடத்தை TRIM வசதி பெரும்பாலும் சீக்கிரமே காலி செய்துவிடும். இப்போதைய செல்போன்களின் உள் சேமிப்பு என்கிரிப்ட் ஆகியிருப்பதால் அங்கேயும் தேடிப் பயனில்லை. பென் டிரைவ், மெமரி கார்டு, பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முயன்று பார்க்கலாம்.