லுட்டினோ

மதுரைப் பறவைக் கடைகளில் வெள்ளை உடலும் ஆரஞ்சுக் கன்னமும் கொண்ட காக்டெயிலை ‘அல்பினோ’ என்றே பலரும் விற்கிறார்கள். அது பெரும்பாலும் லுட்டினோ. லத்தீனில் ‘லூட்டியஸ்’ என்றால் மஞ்சள். சொல்லின் வேர் அதுதான். கறுப்பு, சாம்பல் தரும் மெலனின் இந்தப் பறவையிடம் இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் அப்படியே இருக்கும். காக்டெயிலில் மஞ்சள் குறைவு என்பதால் உடல் வெண்மையாகத் தெரிகிறது. பச்சை லவ்பேர்டில் இதே மாற்றம் உடலைப் பளிச்சென்ற மஞ்சளாக்கிவிடும். கன்னப் பொட்டும் மஞ்சளும் அறவே இல்லாவிட்டால்தான் அல்பினோ.

புகைப்படத்தில் குழப்புவது, சாம்பல் இறகே இல்லாத ‘கிளியர் பைட்’. இறகில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வேறுபாடு கண்ணில். லுட்டினோவுக்குச் சிவப்பு, பைடுக்குக் கறுப்பு. ஆனால் வளர்ந்த லுட்டினோவின் கண் கருஞ்சிவப்பாவதால், மங்கிய ஒளியில் கறுப்பாகவே பதிவாகும். ஃபிளாஷ் அடித்தால் கறுப்புக் கண்ணும் சிவக்கலாம். ஆகவே படம் பார்த்து வாங்குவதாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் பக்கவாட்டில் எடுத்த கண் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.