வீட்டுக் கடன் கைமாறும்போது: இபானெஸ் வழக்கு காட்டிய உண்மை

வீட்டுக் கடன் வாங்கியவர் இருபது ஆண்டுகளுக்கு ஒரே வங்கிக்குக் கடன்பட்டிருப்பதாகவே எண்ணுகிறார். மாதத் தவணையும் அதே வங்கியின் பெயரில்தான் போகிறது. ஆனால் கடனுக்கு உரியவர் வேறொருவராக மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

இருபது ஆண்டுகளுக்குத் தன் பணம் முடங்குவதை வங்கி விரும்புவதில்லை. எனவே ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒரே தொகுப்பாக்கி, அதற்கெனவே உருவாக்கப்பட்ட ஒரு டிரஸ்ட்டுக்கு விற்றுவிடுகிறது. அந்த டிரஸ்ட், தொகுப்பில் வந்து சேரும் தவணைகளைப் பெறும் உரிமையைப் பத்திரங்களாகப் பிரித்து முதலீட்டாளர்களுக்கு விற்கிறது. இதற்குப் பிணையமாக்கல் என்று பெயர். பத்திரங்கள் பெரும்பாலும் அடுக்குகளாக இருக்கும். மேலடுக்குக்கு முதலில் பணம் போகும். கடன்கள் வாராமற்போனால் கீழடுக்கே முதலில் நட்டமடையும். கடன் கொடுத்த வங்கியோ வேறொரு நிறுவனமோ வெறும் வசூல் முகவராகத் தொடரும். அதனால்தான் கடனாளியின் கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரிவதில்லை.

வட்டி விகிதமும் தவணைக் காலமும் விற்பனையால் மாறுவதில்லை. சிக்கல் தவணை தவறும்போது தொடங்குகிறது. கடன் வங்கியிடமே இருந்தால் அதன் மேலாளரிடம் அவகாசம் கேட்கலாம். தொகுப்பில் சேர்ந்த கடனுக்கு, முதலீட்டாளர்களுடன் செய்த ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கே வசூல் முகவர் சலுகை தரமுடியும். இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றும் உண்டு: வீட்டை ஏலம் விடும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இக்கேள்வி நீதிமன்றத்திற்கு வந்தது. 2005 டிசம்பரில் இபானெஸ் என்பவர் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வீடு வாங்க, ரோஸ் மார்ட்கேஜ் என்னும் நிறுவனத்திடம் 1,03,500 டாலர் கடன் பெற்றார். வங்கித் தரப்பு சொன்ன வரலாற்றின்படி, அந்த அடமானம் ஆப்ஷன் ஒன் நிறுவனத்திற்கும், பின் லேமன் பிரதர்ஸ் குழுமத்தின் நிறுவனங்களுக்கும் கைமாறி, ஏறத்தாழ 1,220 பிற கடன்களோடு தொகுக்கப்பட்டு, ஒரு டிரஸ்ட்டின் சார்பில் யு.எஸ். பேங்க்கை வந்தடைந்தது. தவணை தவறியதும் 2007 ஜூலையில் வீடு ஏலத்திற்கு வந்தது. ஏலம் விட்ட யு.எஸ். பேங்க்கே அதை 94,350 டாலருக்கு எடுத்துக்கொண்டது. அம்மாநிலத்தில் இதற்கு முன்கூட்டியே நீதிமன்ற ஆணை தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், வழக்கைத் தொடுத்தவர் கடனாளி அல்லர். ஏலத்தில் எடுத்த வீட்டின் உரிமையை உறுதிசெய்து தருமாறு வங்கியே நில நீதிமன்றத்தை நாடியது. அங்கேதான் ஆவணங்கள் வெளிவந்தன. வங்கிக்கு அடமானத்தை மாற்றிக் கொடுத்த பத்திரம் 2008 செப்டம்பரில், அதாவது ஏலம் முடிந்து ஓராண்டுக்கும் மேலாகிய பின், எழுதப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய மாற்றப் பத்திரம் ஒன்றில் பெறுபவர் பெயர் வெற்றிடமாகவே விடப்பட்டிருந்தது. இந்தக் கடன் தொகுப்பில் இருந்தது என்று காட்டும் பட்டியலையும் வங்கியால் அளிக்க முடியவில்லை.

2011 ஜனவரி 7 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஏலம் செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. ஏல நடவடிக்கை தொடங்கும்போதே அடமானம் தன்னிடம் இருந்தது என்பதை ஏலம் விடுபவர் மெய்ப்பிக்க வேண்டும்; பின்னர் எழுதிய பத்திரம் முந்தைய குறையைத் தீர்க்காது. இத்தீர்ப்பின் எல்லையையும் அறிய வேண்டும். கடன் ரத்தாகவில்லை. முறையான ஆவணங்களோடு மீண்டும் நடவடிக்கை எடுப்பதற்குத் தடையுமில்லை. ஆயினும் கடனாளிக்குக் காலமும் பேசும் வலுவும் கிடைத்தன. கடன்களை விற்கும் வேகத்தில் தாள்களைச் சரிபார்க்காமல் விட்டவர்களே அதன் விலையைக் கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

இந்தியாவில் சட்டம் வேறு. மாசசூசெட்ஸ் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. தொகுப்பாக விற்கும் வீட்டுக் கடன்களில் குறைந்தது 5 விழுக்காட்டு அளவு இடர் விற்றவரிடமே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. கடனைக் கொடுப்பவர் கவனமாகக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வாராக் கடன் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திற்கு விற்கப்பட்டாலோ, 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, வங்கி பொருத்தமெனக் கருதினால் மட்டுமே கடனாளிக்கு அறிவிப்பு அனுப்புகிறது.

எனவே அச்சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் அவகாச அறிவிப்பு வந்தால், தொகையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது. அதை அனுப்பியவர் யார், அவர் கடன் கொடுத்தவரா, இல்லையெனில் எந்தப் பத்திரத்தின்படி உரிமை பெற்றார் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். 13(3A) பிரிவின்படி ஆட்சேபத்திற்கு 15 நாளுக்குள் பதில் தரும் கடமை அவருக்கு உண்டு. வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். அப்போது அந்தக் கடிதத்தின் நகலும், அதற்கு வந்த பதிலும் கையில் இருக்க வேண்டும். பதில் வராதிருந்தால் அஞ்சல் ரசீதையாவது பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.