சேர்ந்தவர் எத்தனை, பறந்தவர் எத்தனை: ஜெர்மன் செவிலியர் பயிற்சி விளம்பரங்களின் கணக்கு

ஜெர்மனியில் செவிலியர் வேலை என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள் தமிழ்நாட்டில் பெருகிவிட்டன. ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்பது அவற்றின் வழக்கமான வாசகம். இது அப்பட்டமான பொய்யாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. பெரும்பாலும் இது மெய்யான ஒரு கணக்கின் ஒரு துண்டாகவே இருக்கிறது. கடன் வாங்கிச் சேரும் பெண்ணுக்குத் தீங்கு வருவது அங்கிருந்துதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கற்பனையாக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். நாற்பது பேர் சேர்கிறார்கள். பி1 மொழித் தேர்வை இருபத்தாறு பேர் முடிக்கிறார்கள். ஜெர்மனியில் முழு உரிமத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படும் பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் தேறுபவர்கள் பதினைந்து பேர். அவர்களில் பன்னிரண்டு பேருக்கு மருத்துவமனை ஒப்பந்தம் கிடைக்கிறது. ஒன்பது பேர் விமானம் ஏறுகிறார்கள். ஒப்பந்தம் பெற்றவர்களை வைத்துப் பார்த்தால் எழுபத்தைந்து சதவீதம், பி2 தேறியவர்களை வைத்துப் பார்த்தால் அறுபது. பணம் கட்டிச் சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் இருபத்திரண்டரைதான். ஒன்பது பேரும் போய்ச் சேர்ந்ததும் வேலையில் அமர்ந்தார்கள் என்பதால் ‘நூறு’ என்றும் எழுதிவிடலாம். நான்குமே கணக்கில் சரியானவை.

இந்திய விளம்பரத் தர மன்றத்தின் கல்வி விளம்பர நெறிமுறை இதைப் பாதி உணர்ந்திருக்கிறது. வேலை பெற்றவர் எண்ணிக்கையைச் சொன்னால், அந்த வகுப்பில் தேறி வெளியேறியவர் மொத்தத்தையும் சொல்ல வேண்டும் என்கிறது. பட்டப்படிப்புக்கு இது போதும். அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தேறுவார்கள். ஆனால் மொழிப் பயிற்சியில் வடிகட்டலே தேர்வில்தான் நடக்கிறது. தேறாதவரைக் கணக்கிலிருந்து நீக்கினால் அவர் கட்டிய பணமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. ஆகவே இத்துறைக்கு அடித்தளமாக வைக்க வேண்டிய எண், சேர்ந்தவர் எண்ணிக்கை. கூடவே, சேர்ந்து எத்தனை மாதத்துக்குள் என்ற எல்லையும் வேண்டும். விசா தாமதம் நிலையத்தின் கையில் இல்லை; ஆனால் எல்லை இல்லாவிட்டால் இன்னும் போகாத எல்லோரும் ‘விரைவில் போகப்போகிறவர்கள்’ ஆகிவிடுவார்கள்.

கட்டணத்திலும் இதே மறைப்பு உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு முப்பதாயிரம் ரூபாயும் அதன் மீதான வரியும் என உச்சவரம்பு இருக்கிறது. பயிற்சிக் கட்டணத்துக்கு அந்த வரம்பு கிடையாது. ஒரே கூரையின் கீழ் பயிற்சியும் ஆட்சேர்ப்பும் நடக்கும்போது, முகவர் கட்டணம் பயிற்சிக் கட்டணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள வழி திறந்தே இருக்கிறது. நேர்மையான விளம்பரம் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதும். தேர்வுக் கட்டணம் ஒரு முறைக்கு எவ்வளவு, தோற்றவர் மறுபடி எழுதினால் யார் கட்டுவது, மொழிபெயர்ப்பு, விசா, விமானச் சீட்டு இவை யார் செலவு என்பதையும் சொல்லும். மருத்துவமனையே செலவை ஏற்பது நடக்காத காரியமல்ல: ஜெர்மன் அரசு அமைப்புகள் நடத்தும் ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் செவிலியர் மொழிப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதில்லை. கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் நிறுவனம் 2021இல் அதில் இணைந்தது. இப்படியொரு வழி இருக்கையில், கட்டணம் வாங்கும் நிலையம் தான் எதற்காக வாங்குகிறது என்பதை விளக்கியாக வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தகுதி அங்கீகாரம் முழுமையாகக் கிடைக்கும்வரை நம் செவிலியர் அங்கே பெரும்பாலும் உதவியாளராகவே பணிபுரிகிறார், சம்பளமும் குறைவு. அங்கீகாரத்துக்கு அறிவுத் தேர்வையோ தகவமைப்புப் பயிற்சியையோ முடிக்க வேண்டும். அறிவுத் தேர்வில் தோற்றால் ஒரு முறைதான் மறுபடி எழுத முடியும். விளம்பரத்தில் அச்சிடப்படுவது முழுச் செவிலியரின் சம்பளம். முதல் சில மாதச் சம்பளத்திலிருந்து வட்டி கட்டப் போகிறவருக்குத் தேவைப்படுவதோ உதவியாளரின் சம்பளம். இரண்டும் ஒரே எழுத்தளவில் அருகருகே இருக்க வேண்டும். செவிலியர் மன்றத்தில் பதிவு பெற முடியாத உதவியாளர் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர்கள் இவ்வழியில் செவிலியராகப் போக முடியாது என்பதும் முதல் வரிகளிலேயே இடம்பெற வேண்டும். முன்பணம் கட்டிய பிறகு சொல்லப்படும் தகுதி விதியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் எழுதினால் யார் சேர்வார்கள் என்று நிலையத்தார் கேட்பார்கள். நியாயமான அச்சம்தான்: பக்கத்துக் கட்டடத்தில் ‘நூறு’ என்ற பலகை தொங்கும்போது இருபத்திரண்டரை என்று எழுதுபவர் தோற்பார். அதனால்தான் இதை நிலையங்களின் மனச்சாட்சிக்கு விட முடியாது என்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையத்துக்குத் தவறான விளம்பரத்துக்காக முதல் முறையே பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் இருக்கிறது. சேர்ந்தவர், பி2 தேறியவர், ஒப்பந்தம் பெற்றவர், பறந்தவர் ஆகிய நான்கு எண்களையும் வகுப்புவாரியாக அச்சிடுவதை அந்த ஆணையம் கட்டாயமாக்கினால் எல்லாப் பலகையும் ஒரே கணக்கில் பேசும். அசல் சான்றிதழ்களை நிலையம் வாங்கி வைத்துக்கொள்ளுமா, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரும் என்ற இரண்டு வரிகளையும் அதே விதியில் சேர்க்கலாம்.